அழித்தது நான்தான்

கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு நான் கணக்கு டீச்சர். அன்று அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். பிள்ளைகள் விடையைக் கையால் மறைத்துக்கொண்டார்கள்.

"தப்ப அழிக்காதீங்க. மேல ஒரு கோடு போட்டு, பக்கத்துல சரியானத எழுதுங்க. எங்க சறுக்குனோம்னு அந்தத் தப்புதான் காட்டும். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல," என்றேன்.

அதை நம்பி செல்வி எழுந்தாள். "எனக்கு அஞ்சுல ரெண்டு வந்துச்சு மிஸ். மேல உள்ளதையும் கீழ உள்ளதையும் தனித்தனியா கூட்டிட்டேன்."

"அஞ்சுல ரெண்டு அரையவிடக் கம்மியாச்சே! கூட்டுனா எப்படிக் கொறையும்?"

யோசித்தாள். இரண்டையும் ஆறின் பங்குகளாக மாற்றினாள். மூன்றும் இரண்டும் சேர்ந்து ஆறில் ஐந்து. பழைய விடைமேல் கோடு போட்டுத் திருத்தினாள். எனக்கு ஒரே பெருமை.

அடுத்த கணக்கில், மூன்றில் ஒன்றைப் பன்னிரண்டில் மூன்று என்று போர்டில் எழுதிவிட்டேன்.

"மிஸ், நாலுல்ல வரணும்?" செல்விதான் எழுந்து கேட்டாள்.

சட்டென்று டஸ்டரால் துடைத்து நாலு போட்டேன். "நாலுதான இருக்கு? நல்லாப் பாரு," என்றேன். குனிந்து எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து போர்டைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

செல்வி உட்கார்ந்தாள். ரப்பரை எடுத்து, கோடு போட்டிருந்த அந்த அஞ்சுல ரெண்டைத் தேய்த்துத் தேய்த்து அழித்தாள்.

பார்த்துக்கொண்டே நின்றேன். அழிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.