ஸுஹறா ராத்தாவின் மூன்றாவது மெசேஜ்

முசலிப் பக்கம் மீள்குடியேறிய எங்கள் ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. இருநூற்றுப் பத்துப் பேர். பாதிப்பேர் இன்னும் புத்தளத்தில், சிலர் கட்டாரில். அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஸுஹறா ராத்தாதான் அதில் அறிவித்தல் போடுவார்.

காணி அளக்க வந்த நாள் பற்றிப் போட்ட அறிவித்தலைப் புத்தளத்திலிருந்த சரீபா பார்க்கவில்லை. அவருடைய வீட்டு வளவை ‘உரிமையாளர் இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். தொண்ணூறில் எங்களை ஊரைவிட்டு வெளியேற்றுமுன் அந்த எல்லைக்கு இருபுறமும் இருந்த இரண்டு பேர் வியாழக்கிழமை காணிக் கந்தோருக்கு வந்து சாட்சி சொன்னால்தான் வளவு திரும்பும். கிழக்கே ஜுனைதீன், மேற்கே பைசர் என்பது சரீபாவுக்கு நினைவிருந்தது. நம்பர்கள் இல்லை. குரூப்பிலோ பலர் பெயரில்லாத வெறும் இலக்கங்கள்.

அந்த இருவரைத் தேடி ராத்தா முதலில் ஸலாம், துஆ, தலைவருக்கு நன்றி எல்லாம் எழுதி, பத்தாவது வரியில் விஷயத்தை வைத்தார். அந்த வரி ‘மேலும் வாசிக்க’வுக்குள் மடிந்து கிடந்தது. ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமையல்லவா, எழுபது பேர் சொன்னோம். நானும் சொன்னேன். அதற்கு மேல் யாரோ கலியாணப் பிரியாணிப் படம் போட்டார்.

இரண்டாவது முறை ஸலாமில்லாமல் விஷயத்தை மட்டும் போட்டார். ஸலாம் எங்கே என்று சண்டை. நாற்பது மெசேஜ். எனக்கு எரிச்சல்தான் வந்தது, ராத்தாவுக்கு அதுவும் வரவில்லை. அடுத்த மெசேஜைச் சொல் சொல்லாய் வெட்டிக்கொண்டிருந்தார்.

செவ்வாய் காலை ஸலாமை மட்டும் தனியாகப் போட்டார். பதில்கள் அடங்கியபின், பத்து மணிக்கு, இது:

“ஜுனைதீன் காக்கா, பைசர்: சரீபாவின் வளவுக்குச் சாட்சி வேணும். வியாழன் காலை 9, கந்தோர். அடையாள அட்டையோட வாங்கோ. நாளைக்குப் பகல் 12க்குள்ள எனக்குத் தனியாப் பதில் போடுங்கோ. மற்றவங்க இதுக்குக் கீழ ஒண்டும் எழுதாதீங்கோ.”

யாரும் எழுதவில்லை. பைசர் அரை மணியில் வருவதாகச் சொன்னார். மாலையில் ஜுனைதீனின் நம்பரிலிருந்து பதில் வந்தது. எழுதியவர் மகன் சனூன்.

“ராத்தா, வாப்பா மௌத்தாகி ரெண்டு மாசம். குரூப்பில போட்டனான். அந்த வேலியை வாப்பாவோட சேர்ந்து கட்டினது நான்தான், பன்னிரண்டு வயசில. நான் வாறன்.”

வியாழன் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். வளவு சரீபாவின் பெயருக்குத் திரும்பியது. கூடப் போயிருந்த என் பக்கத்தில், திரும்பி வரும் பஸ்ஸில் ராத்தா போனில் மேலே மேலே தள்ளிக்கொண்டே வந்தார். ஜுனைதீன் இறந்த ஜனாஸா அறிவித்தல் கிடைத்தது. ஒரு கிரிக்கெட் தகராறுக்கு நடுவே, நீளமாக, பெயர் கடைசி வரியில். கீழே வரிசையாக, மௌத்துக்குச் சொல்லும் இன்னாலில்லாஹி. ஐந்தாவது ராத்தாவுடையது.

“வாசிக்காமலே போட்டிருக்கிறன்,” என்றார். குரலில் ஒன்றும் இல்லை.

ஏழாவது என்னுடையது. நான் அதைச் சொல்லவில்லை.