இருசப்பனின் ஆறு மணி

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை ஊர்க்காரரான இருசப்பன் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. வேங்கிக்கால் பக்கம் எழும்பிய புது வீடுகளில் பாதிக்கு அவர்தான் தரை போட்டார். இருபது வருஷமாகச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கை கழுவிவிட்டு, கூட வேலை செய்பவர்களோடு ஒயின்ஷாப்புக்குப் போய்விடுவார். முட்டி வலிக்குத்தான் என்று ஆரம்பித்தது. பிறகு வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போனார்.

மாசி மாதம் ஒருநாள், இனி தொடமாட்டேன் என்று தானாகவே நிறுத்தினார். மறுநாளே கை உதறியது, அதற்கடுத்த நாள் வலிப்பு வந்தது. அவர் மனைவி ரேணுகாம்பாள் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். "இத்தனை வருஷம் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா உசுருக்கே ஆபத்தும்மா. மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும்" என்றார் டாக்டர். பத்து நாள் ஊசி, மாத்திரை, தூக்கம்.

உடம்பு தேறியதும் ஆலோசகர் அனுபமா முன்னால் உட்கார வைத்தார்கள். அவள் ஒரு தாளில் வட்டம் போட்டாள்.

"கை கழுவுறீங்க. உடனே மூளை அடுத்தது என்னன்னு எதிர்பாக்குது. அதான் அந்தத் தவிப்பு. குடிச்சதும் அடங்குது, சுகமா இருக்கு. அந்தச் சுகத்தை மூளை ஞாபகம் வச்சிக்குது. மறுநாள் குழாயைத் திறந்ததுமே கேக்குது. உங்க மனசு கெட்டுப்போகலங்க, பழகிப்போச்சு."

இருவரும் ஒரு திட்டம் எழுதினார்கள். அஞ்சரைக்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவது. பழைய கூட்டாளிகளோடு போகாமல் எலக்ட்ரீசியன் அய்யூப்பின் வண்டியில் வீட்டுக்குப் போவது. தவிப்பு வந்தால் யாரிடமாவது பேசிக்கொண்டே அரைமணி நேரத்தைத் தள்ளுவது. அலை மாதிரி ஏறினாலும் அது தானே இறங்கிவிடும். கடைசி வரி: ஒருவேளை குடித்துவிட்டால் அதோடு நிறுத்தி, வீட்டில் சொல்லி, மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வருவது.

"குடிச்சா என்ன பண்றதுன்னு இப்பவே எழுதுறீங்களே மேடம்?"

"வண்டில ஸ்டெப்னி வைக்கறது பங்ச்சர் ஆகணும்னாங்க?"

நாலு மாதம் ஓடியது. ஆறு மணி ஆனால் வாய் உலரும், யார் மீதாவது எரிந்து விழத் தோன்றும். அய்யூப் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவன் சொல்லும் வீட்டுக்கதைகளுக்கு உம் கொட்டிக்கொண்டே வருவார். வீடு வந்து சேரும்போது தவிப்பு இறங்கியிருக்கும். ஆள்தான் துவண்டிருப்பார்.

ஆடிப் பௌர்ணமியன்று அய்யூப் வேலைக்கு வரவில்லை, தங்கை வீட்டு விசேஷம். ஒரு அறைத் தரையை உடைத்து மறுபடி போடச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். அந்தக் கோபத்தில் இருசப்பன் மதியமும் சாப்பிடவில்லை, சாயங்காலமும் சாப்பிடவில்லை. கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நடந்துதான் போகவேண்டும். பீடி வாங்கிக்கொண்டு போகலாம் என்று ஒரு சந்தில் திரும்பினார். பீடிக்கடை ஒயின்ஷாப்புக்கு அடுத்த கடை.

ஒரு குவார்ட்டரில் பாதி உள்ளே போனதும் தோள் இளகியது. அடுத்த நொடியே நெஞ்சு கனத்தது. போச்சு, நாலு மாசமும் போச்சு, இனி ஒண்ணு குடிச்சா என்ன, மூணு குடிச்சா என்ன என்று தோன்றியது. இந்த நினைப்பு வரும் என்று அனுபமா முன்பே சொல்லியிருந்தாள். மிச்சத்தை அப்படியே மேஜையில் விட்டு வெளியே வந்து போனை எடுத்தார்.

"ரேணு, குடிச்சிட்டேன்."

மறுமுனையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எவ்ளோ?"

"பாதி."

"எதிர்ல டீக்கடை இருக்கா? அங்க போய் உக்காருங்க. வரேன்."

கூட்டத்துக்குள் முக்கால் மணி நேரம் நடந்து வந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மறுநாள் அனுபமா, "எங்க ஆரம்பிச்சுது?" என்று கேட்டாள்.

"கடை வாசல்ல."

"அதுக்கு முன்னாடி?"

பின்னால் போகப் போக, பீடி, நடை, அய்யூப் இல்லாதது, உடைத்த தரை என்று போய்க் கடைசியில் சாப்பிடாத மதியத்தில் வந்து நின்றது. "அங்கயே பிடிச்சிருக்கலாங்க. இப்ப அதையும் எழுதுவோம்" என்றாள். பௌர்ணமியன்று மூணு மணிக்கே கிளம்புவது என்றும், அய்யூப் வராத நாளில் ரேணுகாம்பாளுக்குக் காலையிலேயே சொல்லிவிடுவது என்றும் எழுதினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் இருசப்பன் கேட்டார்: "என்மேல நம்பிக்கை இருக்கா?"

"அதெல்லாம் இப்ப கேக்காதீங்க. ரொம்ப அசதியா இருக்கு" என்று அவள் ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டாள்.

கார்த்திகையில் இன்னொரு முறை சறுக்கினார். அன்றும் போன் செய்தார். அதற்குப் பிறகு பதினொரு மாதமாகத் தொடவில்லை. வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிறார், சில வாரம் போகவே பிடிக்காது, ஆனாலும் போகிறார்.