தேருக்குக் கட்டை போடுற தைரியநாதன்

மாதாப்பட்டி மாதா கோயில் தேரில் வலது பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவது தைரியநாதன் வீட்டு உரிமை. அவருடைய அய்யா போட்டார், அய்யாவைப் பெற்றவரும் போட்டார். ஓடுகிற தேரை நிறுத்தணும் என்றால் சக்கரத்துக்கு முன்னால் சரிவாகச் செதுக்கின கட்டையைச் சொருகணும். நீளக் காம்பு இருக்கும், அதைப் பிடித்துத்தான் தள்ளணும், கையைக் கொடுத்தால் கை போச்சு. லேசுப்பட்ட வேலையா அது? திருவிழா அன்றைக்கு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் மனுசன் நடந்து வருகிற தோரணையைப் பார்க்கணுமே! வருசம் பூராவும் கல்லுடைக்கிறவர், அன்றைக்கு ஒரு நாள் ராசா.

வந்த வினை என்னவென்றால், காது. பாறைக்கு வெடி வைத்து வைத்து ரெண்டு காதும் அடைத்துப் போச்சு. இது ஊருக்கே தெரியும், ஆனால் ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்கள். கிட்டத்தில் வந்து முகத்துக்கு நேரே நின்று பேசுவார்கள். அவரும் உதட்டைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். தேரிலும் அவரால் ஒரு சிக்கல் வந்ததில்லை. தேர்த்தட்டில் நிற்கிற ஆள் சிவப்புக்கொடியைத் தூக்கினால் ஓரக்கண்ணால் பார்த்து டபக்கென்று கட்டையைப் போட்டுவிடுவார்.

நயா பைசா வந்த வருசம் அது. அதற்கு முந்தின வருசத் திருவிழாவில் புழுதி கிளம்பி, வடம் பிடித்த சனத்துக்குக் கொடி தெரியாமல் போய், ஒருத்தர் பாதம் சக்கரத்தில் நசுங்கிவிட்டது. அதனால் இந்தத் தடவை பள்ளிக்கூடத்துக்குப் புதுசாக மாற்றலாகி வந்த மரியசெல்வம் வாத்தியாரைத் தொண்டர்களுக்குத் தலைவராகப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார் அவர். தைரியநாதனுக்குக் காது கேட்காது என்பது தெரியாத ஒரே ஆள் அந்த வாத்தியார்தான்.

வாத்தியார் நல்லவர், ஆனால் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். கரும்பலகையைப் பார்த்துப் பேசுவார், சன்னலைப் பார்த்துப் பேசுவார். தைரியநாதனுக்கு அவருடைய உதடு பாதி நேரம் சிக்கவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உடையப்பன்தான் கையாலும் கண்ணாலும் சாடை காட்டிக்கொண்டே வந்தார். உடையப்பன் பக்கத்துக் குடியானத் தெரு ஆள். கும்பிடுகிற சாமி வேறே என்றாலும் தேர் வடத்தில் அந்தத் தெருவுக்கும் கை உண்டு. ரெண்டு பேரும் சின்ன வயசிலிருந்தே ஒருத்தரையொருத்தர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"இந்த வருசம் கொடி கெடையாது, விசில்தான்" என்றார் வாத்தியார். "ரெண்டு சின்ன விசில் ஊதுனா இழுக்கணும். நீளமா ஒரே விசில் ஊதுனா நிப்பாட்டணும். வடத்தைப் பிடிச்சவங்க கையை விட்டுட்டு ரெண்டு கையையும் மேலே தூக்கிடணும். வடம் தரையில படலாமா, சாமிக்குத்தமாகாதான்னு யோசிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. சாமி கோவிச்சுக்கிட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கிறதைப் பார்த்துத் தைரியநாதனும் சிரித்து வைத்தார்.

"யாராவது விழுந்துட்டா பாத்தவங்க கத்துங்க. ஆளாளுக்குச் சக்கரத்துக்குள்ள பாயாதீங்க, ஒருத்தரைத் தூக்கப் போயி மூணு பேரு விழுவீங்க. விசில் ஊதுன உடனே கட்டை விழுந்துரும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஆள் தூக்கன்னு ஒருத்தர் இருப்பாரு. அவரு மட்டுந்தான் உள்ள போகணும். காணாமப் போன பிள்ளைகள கோயில் வாசல்ல சந்தனமேரியம்மாகிட்ட கொண்டுபோய் விடுங்க."

சந்தனமேரி, தைரியநாதனின் சம்சாரம், பின்னால் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பேர் சொன்னதும் தலையை ஆட்டியதே ஒழிய, கண் முழுக்கப் புருசன் மேலேதான். விசில் என்ற பேச்சு வந்ததிலிருந்து முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

பிறகு வாத்தியார் ஒவ்வொருத்தரையும் எழுப்பி, அவரவர் வேலையைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். தைரியநாதன் முறை வந்தது. உடையப்பன் ரெண்டு விரலை உதட்டில் வைத்து ஊதுகிற மாதிரி காட்டி, உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினார்.

"நீள விசில் ஊதுனா கட்டையைப் போடணுங்க" என்றார் தைரியநாதன், சத்தமாக.

"சபாஷ்!" என்றார் வாத்தியார். தைரியநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உரிமை தப்பிச்சதடா சாமி!

அதோடு விட்டிருக்கலாம் அந்த வாத்தியார். விட்டாரா? மேசையை நடுவில் இழுத்துப் போட்டு, இதுதான் தேர் என்று சொல்லி, நாலு காலுக்கும் ஆட்களை நிறுத்தினார். வலது பின்காலுக்கு, வீட்டிலிருந்து கொண்டுவந்த கட்டையோடு தைரியநாதன். அங்கே ஆள் தூக்க யார் என்று கேட்டதும் உடையப்பன் தானாக எழுந்து வந்தார். சிநேகிதன் பக்கத்தில் இருந்தால் சாடை காட்டலாமே என்ற நினைப்பு அவருக்கு.

மேசையை ரெண்டு பேர் தள்ளினார்கள். வாத்தியார் தைரியநாதனுடைய முதுகுப் பக்கம் போய் விசிலை ஊதினார்.

தைரியநாதன் மேசைக்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நிமிசம் அந்தக் காலுக்கு முன்னால் உடையப்பனின் தலை தெரிந்தது. விசில் கேட்டதும் அவர் குனிந்துவிட்டார், விழுந்த ஆளைத் தூக்குகிற மாதிரி ரெண்டு கையையும் தரையில் நீட்டியிருந்தார். தைரியநாதனின் கட்டை இன்னும் இடுப்போடுதான் இருந்தது. குனிந்தவன் எப்படிச் சாடை காட்டுவான்? தள்ளினவர்கள் நின்றுவிட்டார்கள், மேசை நின்றுவிட்டது. தேர் நிற்குமா?

உடையப்பன் எழுந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இன்னொருக்கா பாப்போம்" என்று கண்ணடித்தார். வாத்தியார்கூட விசிலை மறுபடியும் வாயில் வைத்துவிட்டார்.

"வேணாங்க சார்" என்றார் தைரியநாதன். "எனக்குக் காது கேக்காதுங்க. அறவே கேக்காது."

வாத்தியார் விசிலைக் கையில் எடுத்து, அவருக்கு நேரே வந்து நின்றார். "இத்தனை நாளா எப்படிய்யா?" என்று கேட்டார். உதடு தெளிவாகத் தெரிந்தது தைரியநாதனுக்கு. கட்டையைக் கொண்டுபோய், அங்கே நின்ற தன் தம்பி ஆரோக்கியமுத்துவின் கையில் கொடுத்தார். தம்பி வாங்கமாட்டேன் என்று பின்னுக்குப் போனான். நெஞ்சோடு வைத்து அழுத்திக் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

உடையப்பன் ஓடிவந்து முன்னால் நின்றார். "கூறுகெட்டவனே, ஏன்டா சொன்ன? நான் பாத்துக்கிட மாட்டனா?"

"நீ குனிஞ்சுக்கிட்டு எங்கிட்டுடா பாப்ப?"

திருவிழா வரைக்கும் வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றில் உப்பில்லை என்றார், குழம்பில் புளி தூக்கல் என்றார், சும்மா கிடந்த ஆட்டுக்குட்டியைக்கூட வைதார். சந்தனமேரி உப்புச் சிரட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தது. பாவம், எதைத் தின்றால் அந்த ஆங்காரம் அடங்கும் என்று அதற்கு மட்டும் தெரியுமா?

தேரன்றைக்கு அவருக்குத் தண்ணீர்ப் பந்தல் வேலை. அமராவதி என்கிற பிள்ளை டம்ளரில் ஊற்றிக் கொடுக்க, இவர் குடத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். வெயில் தாழ்ந்த நேரம் தேர் பந்தலுக்கு எதிரே வந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார், கண் கேட்கவில்லை. வலது பின்சக்கரத்தோடு ஆரோக்கியமுத்து வந்துகொண்டிருந்தான். அவன் நடந்த நடையைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

திடீரென்று வடம் பிடித்த அத்தனை கையும் மேலே போச்சு. வடம் பொத்தென்று மண்ணில் விழுந்தது. தேர் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. கூட்டம் விலகின சந்தில் உடையப்பனின் முதுகு தெரிந்தது. கிழவி ஒருத்தியைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார். அவர் தோளுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. அந்தச் சாணுக்குள் கட்டை கிடந்தது.

தைரியநாதன் அமராவதியின் கையைப் பிடித்து உலுக்கினார். "விசில் ஊதுனாங்களா?"

"ஊதுனாங்களாவா? காது கிழிஞ்சிருச்சுண்ணே!"

அவருக்கு ஒரு பொட்டுச் சத்தம் கேட்டிருக்கவில்லை. பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். உடம்பெல்லாம் புழுதியோடு உடையப்பன் பந்தலுக்கு வந்தபோது, முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

உடையப்பன் முன்னால் குந்தி, துண்டை விலக்கி, உதடு தெரிகிற மாதிரி மெதுவாகக் கேட்டார். "என்னடா மாப்ள, கட்டை போன வருத்தமா?"

தைரியநாதன் அவருடைய ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நான் நின்னிருந்தா ஒன்னையக் கொன்னுருப்பேன்டா."