இருநூற்றைந்து ரூபாய்ப் பூண்டு

என் அண்ணன் என்னைக் கடைசியாக அடித்தது கேரட் விலைக்காக. டீக்கடை வாசலில், பத்துப் பேர் பார்க்க, கன்னத்தில். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது.

மறையூருக்கு மேலே எங்கள் பள்ளத்தாக்கில் காய்கறி போடுகிறவர்களின் சொசைட்டி ஒன்று இருக்கிறது. அதன் மொபைல் ஆப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆப்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மொத்தச் சந்தைகளின் விலையை அரசாங்க வலைத்தளம் ஒன்று தினமும் ஒரு கோப்பாகப் போடும். முந்தின நாள் விற்ற விலை மறுநாள் காலையில் வரும். ஒவ்வொரு காய்க்கும் குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலான சரக்கு விற்ற விலை என்று மூன்று எண்கள், எல்லாம் குவிண்டாலுக்கு. நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்பதரை மணிக்கு அதை இறக்கி, மூன்றாவது எண்ணை எடுத்து, நூறால் வகுத்து, கிலோ விலையாக ஆப்பில் போடும். வியாபாரி விலை சொன்னதும் எங்கள் ஆட்கள் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடிப்பார்கள். விலை ஒத்துப்போன பிறகுதான் மூட்டை வாயைத் தைப்பார்கள். அதுவரை சாக்கு ஊசியைக் கையிலேயே வைத்திருப்பார்கள்.

கோப்பின் அமைப்பு மாறினால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்படி ஒரு சோதனை வைத்திருந்தேன். முதல் வரியில் தலைப்புகள் நான் எதிர்பார்க்கிற வரிசையில் இல்லையென்றால் புது விலை ஏறாது. பழைய விலை அதன் தேதியோடு அப்படியே நிற்கும். தப்பான விலையைவிடப் பழைய விலை மேல் என்பது என் எண்ணம்.

அந்த வாரம் வலைத்தளத்துக்காரர்கள் கோப்பின் தலையில் சும்மா இரண்டு வரி அறிவிப்பைச் சேர்த்தார்கள். ஸ்கிரிப்ட் நின்றது. சரிசெய்தேன். மறுநாள் அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டார்கள், மறுபடி நின்றது. மூன்றாம் நாள் திரும்பச் சேர்த்தார்கள். மூன்று நாளும் ஆப் காலை முழுக்கப் பழைய விலையிலேயே கிடந்தது. தேதியை யார் பார்க்கிறார்கள்? கீழே சந்தையில் கேரட் விலை ஏறியிருந்தது, அண்ணன் பழைய விலைக்குக் கொடுத்துவிட்டு வந்து என்னை அறைந்தான்.

"படிச்சுக் கிழிச்சியே, ஒரு வெலையப் போடத் துப்பில்ல உனக்கு. என்னா வந்தாலும் போடு. நிப்பாட்டாத. புரியுதா?"

ஒருத்தரும் தடுக்கவில்லை. ஒரு பெரியவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "நிப்பாட்டினது தப்புத்தான தாயி" என்றார்.

கோபத்துக்கும் எனக்கும் அவ்வளவு நெருக்கம். வீட்டில் எல்லோருக்குமே அப்படித்தான், அண்ணனுக்குக் கையில் வரும், எனக்கு வேலையில் வரும். அன்று சாயங்காலமே உட்கார்ந்து அந்தச் சோதனையில் 'நிறுத்து' என்பதை எடுத்துவிட்டு, 'பதிவேட்டில் குறித்துவிட்டுத் தொடர்ந்து போ' என்று மாற்றினேன். தலைப்புகளைத் தேடாமல், தேதியோடு தொடங்குகிற முதல் வரியிலிருந்து எண்களை எடுக்கும்படி செய்தேன். என்ன வந்தாலும் தின்னுங்கடா என்று வாய்விட்டுச் சொன்னது நினைவிருக்கிறது. மிச்சமிருந்தது ஒரே ஒரு தடை. ஒரே நாளில் விலை பாதிக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ ஆப்பில் ஏறாது. பெரும்பாலான சரக்கு விற்ற விலை, அதிக விலையைத் தாண்டவே முடியாது. அதைச் சரிபார்க்க இரண்டே வரி போதும். அதை நான் எழுதவே இல்லை. ஸ்கிரிப்ட் தானாகக் குறித்துவைக்கும் அந்தப் பதிவேட்டையும் ஒரு வாரம் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

பூண்டு அறுவடை நேரம் வந்தது. ஒரு காலை பத்தேகாலுக்கு, சொசைட்டி அறையில் தற்செயலாக ஆப்பைத் திறந்தேன். பூண்டு இருநூற்றைந்து. முந்தின நாள் நூற்று நாற்பத்தாறு. கேரட்டும் கோசும் ஒன்றிரண்டு ரூபாய்தான் கூடியிருந்தன. கோப்பைத் திறந்து பார்த்தேன். வரிசையை மாற்றியிருந்தார்கள். குறைந்த விலை, அடுத்துப் பெரும்பாலான விலை, கடைசியில் அதிக விலை. என் ஸ்கிரிப்ட் மூன்றாவது எண்ணைத்தான் எடுக்கும், அதாவது அதிக விலையை. கேரட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பூண்டில் தரத்துக்குத் தரம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். இருநூற்றைந்து என்பது பொறுக்கி எடுத்த முதல் தரத்துக்கு யாரோ ஒருவர் வாங்கிய விலை. உண்மையான விலை நூற்று நாற்பத்தெட்டு. ஏற்றம் பாதியைத் தாண்டாததால் மிச்சமிருந்த தடையும் பிடிக்கவில்லை. நான் எழுதாமல் விட்ட இரண்டு வரி இருந்திருந்தால் பிடித்திருக்கும். பதிவேட்டில் 'தலைப்பு வரிசை மாறியுள்ளது' என்று ஒன்பதரைக்கே எழுதியிருந்தது.

தலைப்பின் பெயரைப் பார்த்து எடுக்கும்படி மாற்றி, பத்தே முக்காலுக்குச் சரியான விலையை ஏற்றிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. எடை போடுகிற கொட்டகை ஓடைக்கரைப் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே சிக்னல் கிடையாது. சிக்னல் இல்லாத இடத்தில் ஆப், கடைசியாக இறக்கிய விலையையே காட்டும். அந்த வசதியைச் செய்ததும் நான்தான். வீட்டில் பார்த்துவிட்டுப் போன அத்தனை போனிலும் இருநூற்றைந்து உட்கார்ந்திருக்கும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

போவதற்குள் தொடங்கிவிட்டது. உடுமலையிலிருந்து வாரம் இரண்டு முறை லாரியோடு ஏறி வருகிற பூண்டு வியாபாரியைத் தராசுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் மறித்திருந்தார்கள். அறுபது வயதிருக்கும். அவர் யோக்கியர் என்று சொல்ல மாட்டேன். ஆப் வருவதற்கு முன்னால் எங்கள் ஆட்களை வருஷக்கணக்கில் ஏமாற்றியவர்தான். அதனால்தான் அன்று அவரை யாரும் நம்பவில்லை. சட்டைப் பையைக் கிழித்திருந்தார்கள். உதட்டில் ரத்தம். ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நூத்தம்பது சொல்லிப்போட்டேனுங்க. இருநூத்தஞ்சு எந்த ஊர்லீங்க போகுது? சொன்னீங்கன்னா நானும் போயி வித்துப்போட்டு வாரேன்."

அந்தச் சிரிப்புக்கு ஒரு அறை விழுந்தது. இன்னொருவர் முதுகில் உதைத்தார். அதுவரை கை கால்தான்.

கூட்டத்துக்குள் நுழைந்து கத்தினேன். "விடுங்க. ஆப்புல வெல தப்பு. எம்மேலதான் தப்பு. நூத்தி நாப்பத்தெட்டுதான் சரியான வெல. இந்தா பாருங்க."

என் போனை உயர்த்திக் காட்டினேன். அதில் நூற்று நாற்பத்தெட்டு. அவர்களுடைய போன்களில் இருநூற்றைந்து. ஒரே ஆப், ஒரே தேதி. எல்லோரும் கழுத்தை நீட்டி இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் நினைத்தேன், புரிந்துவிட்டது என்று.

"இப்ப மாத்திட்டு வந்திருக்கா" என்றாள் பக்கத்துத் தோட்டத்துக்காரி.

அவ்வளவுதான். அவள் என் முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினாள். யாரோ என் கையை மிதித்தார்கள், விரல் எலும்பு நொறுங்கியது எனக்கே கேட்டது. கூட்டத்தில் நின்ற அண்ணன் குனிந்து என் முகத்தைப் பார்த்தான். அவன் கண்ணில் இருந்தது கோபம் மட்டும் இல்லை. அவமானம்.

"எவ்வளவு குடுத்தான் உனக்கு?"

"அண்ணே, சத்தியமா..."

"கூடப் பொறந்தவள வெலைக்கு வாங்கிட்டியாடா" என்று வியாபாரியைப் பார்த்துத் திரும்பினான். மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கி மூட்டை மேல் கிடந்தது, அதை எடுத்தான். வியாபாரி இப்போது சிரிக்கவில்லை, கையைத் தூக்கினார். கொக்கி அந்தக் கைக்கு மேலாகப் போய் இடது கண்ணில் இறங்கியது. அண்ணன் அதை இழுத்தான். அவர் தைக்காத மூட்டை மேல் விழுந்தார், பூண்டு சரிந்து கொட்டியது, அதன் மேலெல்லாம் ரத்தம். அவர் கத்தவே இல்லை. காலை மட்டும் உதைத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் இரண்டாவது தடவை ஓங்கியபோது லாரி டிரைவர் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். நான் தரையில் கிடந்தபடி அண்ணன் கணுக்காலைக் கடித்தேன். வாய் நிறைய ரத்தம் வரும்வரை விடவில்லை.

அவரைச் சாக்கில் சுற்றி அதே லாரியில் ஏற்றினார்கள். நானும் ஏறினேன். காட்டு ரோடு முழுக்க அவர் தலை என் மடியில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் முனகினார். செக்போஸ்ட் தாண்டி சிக்னல் வந்ததும் என் பையிலும் அவர் இடுப்பிலும் போன்கள் கிணுகிணுத்தன. சொசைட்டியில் யாரோ அண்ணனைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது என்று அனுப்பியிருந்தார்கள்.

அவர் பிழைத்தார். கண் போய்விட்டது. அண்ணன் ரிமாண்டில் இருக்கிறான். கொலை முயற்சி என்று எழுதியிருக்கிறார்கள். நான் போலீஸிலும் மாஜிஸ்டிரேட்டிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், சோதனையை எடுத்த சாயங்காலத்தையும் சேர்த்து. அவர்களுக்கு அது விளங்கவில்லை. "வெப்சைட்டின்டெ தப்பல்லே" என்று மலையாளத்தில் கேட்டார் ஸ்டேஷன் எழுத்தர். இல்லை என்றேன். அவர்கள் தங்கள் கோப்பை எப்படி வேண்டுமானாலும் மாற்றுவார்கள். அது மாறும் என்று தெரிந்துதான் எனக்குச் சம்பளம்.

அண்ணி என்னோடு பேசுவதில்லை. ஆப்பை நிறுத்திவிடலாம் என்று சொசைட்டியில் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அதே ஆட்கள் இன்றும் காலையில் அதைத்தான் திறந்து பார்க்கிறார்கள். சோதனைகளைத் திரும்ப வைத்துவிட்டேன், எழுதாமல் விட்ட அந்த இரண்டு வரியையும். சந்தேகம் வந்தால் இப்போது பழைய விலையும் நிற்காது. 'இன்று விலை இல்லை' என்று மட்டும் வரும், சிக்னல் இல்லாத இடத்தில் நேற்றைய எண்ணும் தெரியாது.

இருபது நாள் கழித்து உடுமலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட விரல்களோடு கட்டில் ஓரம் நின்றேன். மன்னிப்புக் கேட்க எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவரே பேசினார்.

"உங்க ஆப்பு எம் போன்லயும் இருக்குதுங்க அம்மிணி. அன்னிக்கு மேல ஏறி வாரப்ப செக்போஸ்டுக்கு முன்னாலயே பார்த்தேன். இருநூத்தஞ்சுன்னு போட்டிருந்துது. மொத நாளு நாந்தான் சந்தையில நின்னு வாங்கினேன். தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும்."

என் நம்பர் அவரிடம் இருந்தது. சொசைட்டிப் பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. படுத்திருக்கிறவர் என்றும் பார்க்காமல் கேட்டேன். "ஒரு போன் போட்டிருக்கலாமே. ஏன் போடல?"

அவர் மிச்சமிருந்த கண்ணால் என்னைப் பார்த்தார்.

"போட்டிருந்தா நம்பியிருப்பீங்களா?"

நான் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெல குறைக்கச் சொல்லி வியாபாரி போன் பண்றான் என்று அண்ணனிடம் சொல்லியிருப்பேன். அண்ணன் அன்று கொட்டகைக்குப் போகும்போதே கொக்கியோடு போயிருப்பான்.

"இல்ல" என்றேன்.

"அதானுங்க" என்றார் அவர், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.