ஆராயியின் இரண்டு கொடிகள்

ஆராயியைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும். ஏற்காட்டில் ஒரு பெண்கள் பள்ளி விடுதியில் நூற்றிருபது பேரின் துணியைத் துவைத்துக் காயப்போட்டவள் அவள். அதே விடுதியில் பட்டன் தைத்து, கிழிசல் ஒட்டுப்போட்டு, எலாஸ்டிக் மாற்றிக்கொடுத்த தையல்காரி நான், கிருஷ்ணம்மாள். அவளுக்குத் திமிர் இருந்தது உண்மைதான். அது இல்லாமல் போயிருந்தால் அந்தப் பிள்ளைகள் வெளுத்த பாவாடையோடுதான் ஊருக்குப் போயிருப்பார்கள்.

செம்மநத்தத்திலிருந்து விடியுமுன் நடந்து வருவாள். துவைத்து முடித்ததும் ஈரத்துணியை இரண்டாகப் பிரிப்பாள். படுக்கை விரிப்பு, துண்டு, வெள்ளைச் சட்டை எல்லாம் மேட்டுக் கொடிக்கு. அங்கே காலை முதல் மாலை வரை நேர் வெயில். வெயில் வெள்ளையை இன்னும் வெள்ளையாக்கும், விரிப்பில் இருக்கும் மூட்டைப்பூச்சியையும் விரட்டும். அரக்குப் பாவாடை, நீல ஸ்வெட்டர், எலாஸ்டிக் வைத்த விளையாட்டு நிக்கர், காலுறை இவையெல்லாம் சில்வர் ஓக் மரத்தடியில் இருந்த தகரக் கொட்டகைக்கு. நாலு பக்கமும் திறந்த கொட்டகை, காற்று ஓடிக்கொண்டே இருக்கும். பாவாடையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித்தான் போடுவாள். வெள்ளைத் துணியில் எலாஸ்டிக் இருந்தால் அதற்குத் தனிச் சட்டம்: இளவெயிலில் ஒரு மணி நேரம், பிறகு கொட்டகைக்கு. யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. பத்து வருஷமாகக் கெட்டுப்போன துணியைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

எண்பத்து நாலாம் வருஷம் ஜனவரியில் புது வார்டன் தேவகுமாரி வந்தார். மதுரைப் பக்கம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் தான் சொன்னதே சட்டம். அந்த மாதம் பத்து மணி வரை பனிமூட்டம். கொட்டகைத் துணி காய இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள்கூட ஆனது. அரைகுறையாகக் காய்ந்த துணியைக் கட்டி ஒருத்திக்கு இடுப்பில் படை வந்தது. வார்டன் நேரே கொட்டகைக்கு வந்துவிட்டார்.

"ஆராயி, நாளையிலிருந்து எல்லாத் துணியும் மேட்டுக்குப் போகணும்."

"சாயத் துணி வெயிலுக்கு ஆகாதுங்கம்மா. எலாஸ்டிக்கும் கெட்டுப் போயிருமுங்க."

வார்டன் சிரித்தார். "மதுரை வெயில் பார்த்தவ நான். ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்கிற ஊர்ல வெயில் என்ன பண்ணிடும்?"

கீழேயிருந்து வருகிற எல்லாரும் செய்கிற தப்பு இது. உடம்புக்குக் குளிருகிறதே என்று நினைப்பார்கள். சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் முகம் கருத்துக் கிடக்கும். மலை வெயில் சுடாது, ஆனால் தின்னும்.

"குளிரு நமக்குத்தானுங்க, துணிக்கு இல்லீங்க" என்றாள் ஆராயி. "படை வந்ததுக்குக் காரணம் நெழலு இல்லீங்க. பனியில துணி காயாம சேந்துபோயி, இடம் பத்தாம நெருக்கிப் போட்டம் பாருங்க, அதுதான். இன்னும் ரெண்டு கொடி கட்டிக் குடுங்க, காத்தாடக் காயப்போட்டுத் தர்றேன்."

"நான் யோசனை கேக்கல. சொன்னதைச் செய்."

"செய்ய மாட்டனுங்க."

அடி பாவி, சரிங்க என்று சொல்லித் தொலைத்தால் என்ன! புருஷனில்லாதவள், அந்தச் சம்பளத்தில் மூன்று வயிறு. அன்று மத்தியானமே அவளைக் கழிப்பறை கழுவும் வேலைக்கு மாற்றினார்கள். துணிக்கு மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பாவம், சொன்னதைச் செய்கிற பெண். வாரத்துக்கு இரண்டு முறை அத்தனை துணியும் மேட்டில், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை. சின்னப் பிள்ளைகளின் துணி மட்டும் எப்போதும்போல அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயா பொறுப்பில்.

ஆராயி விளக்குமாற்றோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மேட்டைப் பார்த்துக் காறித் துப்புவாள். "பொறுத்துக்கோ புள்ளே" என்பேன். "நான் பொறுத்துக்குவேன் அக்கா, துணி பொறுக்குமா?" என்பாள்.

துணி பொறுக்கவில்லை. மார்ச் கடைசியில் விளையாட்டு விழா. பெற்றோர்கள் சேலத்திலிருந்து கார் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அணிவகுப்பில் பாதித் தூரம் வருவதற்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் நழுவுகிற நிக்கரை ஒரு கையால் இடுப்போடு பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டே ஓடிவிட்டாள். பாவாடை கட்டியிருந்தவர்களைப் பார்த்தால் அதைவிடக் கேவலம். முன்பக்கம் செங்கல் நிறம், பின்பக்கம் அரக்கு.

மறுநாள் தலைமையாசிரியை சாந்தாமேரி அம்மா எங்களைக் கூப்பிட்டார். வார்டன் முந்திக்கொண்டார். "மட்டமான எலாஸ்டிக். கிருஷ்ணம்மாள் வாங்கினது."

எனக்கு வந்ததே கோபம்! கிறிஸ்துமஸ் லீவில் கண் வலிக்க வலிக்க நான் போட்ட எலாஸ்டிக். ஆனால் வாய் எழவில்லை. கதவருகில் விளக்குமாற்றோடு நின்ற ஆராயிக்குத்தான் எழுந்தது.

"ஏனுங்கம்மா, சின்னப் புள்ளைங்க நிக்கருக்கும் அக்கா அதே சுருள்லதான போட்டாங்க? அதை ஆயா வராந்தாவுல காயப்போடறாங்க. ஒண்ணு கொண்டாரச் சொல்லுங்க."

கொண்டுவந்தார்கள். ஆராயி அதை இழுத்துவிட்டாள், சடக்கென்று சுருங்கியது. பெரிய பிள்ளையின் நிக்கரை இழுத்தாள். உள்ளே நறநறவென்று ரப்பர் நொறுங்கும் சத்தம், இழுத்தது இழுத்தபடியே தொங்கியது. பிறகு ஒரு பாவாடையை எடுத்து மடிப்பை விரித்தாள். மடிப்புக்குள்ளே வெயில் படாத இடம் புதுத் துணிபோல அரக்காக இருந்தது. சாந்தாமேரி அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்டன் முகம் சிவந்துவிட்டது.

என் தலை தப்பியது. ஆராயிக்கு மட்டும் ஒரு காகிதம் எழுதினார்கள். மேலதிகாரி சொல்லைத் தட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று. அதில் பெருவிரல் ரேகை வைத்தால் பழையபடி துணி வேலை, இல்லையென்றால் வேலையே கிடையாது.

"மேலுக்குத்தான் ஆராயி, ஒரு ஒழுங்குக்கு" என்றார் சாந்தாமேரி அம்மா.

"தப்புச் செஞ்சவங்க ரேகை வெக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மஞ்சக்குட்டைப் பெண் பழி தன் தலையில் விழும் என்று பயந்து வராமல் நின்றுவிட்டாள். அவள் துவைத்துவிட்டுப் போன பாவாடைகளும் நிக்கர்களும் காயப்போட ஆளில்லாமல் ஈரத்தோடு கூடையில் நாற ஆரம்பித்தன. நாலாம் நாள் வார்டனே ஜீப் பிடித்துச் செம்மநத்தம் போய் ஆராயியை அழைத்துவந்தார். வழியில் என்ன பேசிக்கொண்டார்களோ, இருவரும் சொன்னதில்லை. நான் பார்த்தது கொட்டகையில். புதிதாக இரண்டு கொடி கட்டியிருந்தது. வார்டன் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பாவாடைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உள்பக்கம் திருப்புங்கம்மா" என்றாள் ஆராயி. வார்டன் திருப்பினார்.

"நடுவுல ஒரு சாண் விடுங்க. காத்துப் போவோணும்." விட்டார்.

மத்தியானம் ஆபீஸ் பையன் வழியாக அந்தக் காகிதம் திரும்பவும் வந்தது. எப்படியாவது ரேகை வாங்கச் சொல்லி என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நான் மைப்பெட்டியோடு மெதுவாகப் போய் நின்றேன். "ஆபீசுல ஃபைலுக்கு வேணுமாம் புள்ளே. வெச்சுத் தொலையேன்."

ஆராயி சொட்டச் சொட்ட ஒரு ஸ்வெட்டரைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"கை ஈரமா இருக்குது அக்கா, மை ஒட்டாது. காயட்டும்னு சொல்லுங்க. நெழல்லதான் காயப்போடுவேன், நொம்ப நாளாகும்னும் சேத்துச் சொல்லுங்க."