வாப்பாவின் கையெழுத்தில் ஒரு லீவுக் கடிதம்

சனிக்கிழமை காலை, பெட்டிகளைக் கட்டி முடித்த பிறகுதான் குறுஞ்செய்தி வந்தது. அன்றிரவு நாங்கள் கொழும்புக்குத் திரும்பவிருந்த விமானம் ரத்து. வியாழக்கிழமை இரவு விமானத்தில் இடம் மாற்றித் தந்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஏதாவது கிடைக்குமா என்று என் கணவர் எத்தனையோ தடவை அழைத்துப் பார்த்தார். எல்லாம் நிரம்பிவிட்டதாம்.

பாடசாலை விடுமுறைக்கு நானும் பிள்ளைகள் இருவரும் அவர் வேலை செய்யும் கட்டாருக்குப் போயிருந்தோம். எங்கள் ஊரான கற்பிட்டியில் திங்கட்கிழமை பாடசாலை தொடங்கவிருந்தது. மகளுக்குச் செவ்வாய்க்கிழமை கணிதச் சோதனை. தவணை நடுவே பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்துக்கொள்ள வேண்டாமென்று பாடசாலை அதிபர் பெற்றோர் கூட்டத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஊரிலிருக்கும் என் மூத்த சகோதரி, ராத்தாவுக்கு போன் பண்ணினேன். "காய்ச்சல் எண்டு எழுதி அனுப்பு. ஆரு தேடப் போறா?" என்றாள்.

பக்கத்தில் இருந்த என் கணவர் வேண்டாமென்று தலையசைத்தார். "நடந்தத நடந்தபடி எழுதுவம். நானே எழுதுறன்."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். இரண்டு தாள்களைக் கசக்கினார். வகுப்புகளின் பெயரில் தடுமாறி மகனிடம் கேட்டார்: "மகன், நீங்க ஏழு ஏயா, பீயா?"

"பீ, வாப்பா," என்றான் மகன், தலை நிமிராமல்.

விமானம் ரத்தானதையும், புதிய பயண நாளையும், திங்கள் முதல் வெள்ளி வரை லீவு வேண்டுமென்பதையும் எழுதிக் கையெழுத்திட்டார். அதைப் படம் பிடித்து, விமான நிறுவனத்தின் அறிவித்தலோடும் பழைய, புதிய டிக்கெட்டுகளோடும் வகுப்பாசிரியர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'அதிபரிடம் காட்டினோம். வரும்போது மூலக் கடிதத்தைக் கொண்டு வாருங்கள்' என்று பதில் வந்தது.

பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் சோதனையை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சந்தோஷம் நெஞ்சில் குத்தியது.

ஊர் திரும்பி, அடுத்த திங்கள் பிள்ளைகளோடு அதிபரின் அறைக்குப் போனேன். கடிதத்தை நிதானமாக வாசித்தார்.

"வரவுப் பதிவில வராத நாள் வராததுதான், உம்மா. காரணத்த எழுதி வைக்கலாம். சோதனைய டீச்சர் வேற நாள்ல வைப்பாங்க." கையெழுத்தைத் திரும்பப் பார்த்தார். "இது வாப்பா எழுதினதா?"

"ஓம் சேர்."

"இவ்வளவு வருஷமும் உங்கட கையெழுத்தத்தான் கண்டிரிக்கிறன். அவரோட கதைக்க ஏலுமா?"

அப்போதே அழைப்பு எடுத்துக் கொடுத்தேன். வேலைத்தளத்து இரைச்சலுக்குள் அவர் "ஓம் சேர், ஓம் சேர்" என்று சொல்வது எனக்கும் கேட்டது. மகன் கணிதத்தில் பின்னங்களில் பின்தங்கியிருப்பதை அதிபர் விளக்கினார். அதை நான் என் கணவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். என் வாயால் கேட்டபோது அவருக்கு அது வீட்டுக் கதை. அன்றுதான் பெற்றோர் கூட்டத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்ததுபோல் கேட்டார்.

இரவு என் கணவர் அழைத்தபோது, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி வழக்கம்போல் என்னிடம் விசாரிக்கவில்லை.

"மகன்ட கணக்குக் கொப்பிய கெமராக்குப் பக்கத்தில பிடி," என்றார்.