பத்துக் கிலோவுக்கு எத்தனை மில்லி

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. எண் மட்டும் வரும். பதினான்கு வருடமாகப் பள்ளிபாளையத்தில் ஒரு குழந்தை டாக்டரம்மாவின் கிளினிக்கில் ஆயா வேலை. எடை மெஷினில் பிள்ளைகளைப் படுக்க வைத்து எண்ணை உரக்கச் சொல்வது என் வேலை. அரைஞாண், கொலுசு, நனைந்த ஜட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் வைப்பேன். ஒரு மகராசி கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்ற மாட்டேன் என்று என்னோடு அரைமணி சண்டை போட்டாள். அது வேறு கதை.

எங்கள் கிளினிக் நர்ஸும், வாசலிலேயே இருக்கும் மெடிக்கல் கடைக்காரரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். எதனால் என்று இருவருக்குமே மறந்திருக்கும். ஒன்று கேட்க வேண்டுமென்றால் நர்ஸ் என்னைத்தான் அனுப்புவார். பொய் சொல்லக் கூடாது, எனக்கு அதில் ஏக சந்தோஷம். பத்து எட்டு நடந்தால் இரண்டு பக்கத்துத் திட்டும் கேட்கலாம்.

டாக்டரம்மா ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்த மருந்து, ஒரு கிலோ எடைக்கு எத்தனை எம்.ஜி. என்று அதில் எழுதியிருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரே மனதுக்குள் கணக்குப் போட்டு மில்லியாக எழுதிக் கொடுப்பார். கூட்டம் அதிகமானதும் நர்ஸிடம் சொன்னார்:

“இந்த நோட்டைப் பார்த்து, அடிக்கடி குடுக்கற சிரப்புக்கெல்லாம் ஒரு சார்ட் போட்டுரும்மா. இத்தனை கிலோவுக்கு இத்தனை மில்லின்னு. பக்கத்துலயே கம்மி எவ்வளவு, அதிகம் எவ்வளவுன்னும் போடு. மாட்டறதுக்கு முன்னால மெடிக்கல்காரர்கிட்ட பாட்டிலை வெச்சுச் சரி பார்த்துக்க.”

நர்ஸ் கெட்டிக்காரி. மூன்று நாள் உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் போட்டார். சளிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்குக்கு ஒரு நாளைக்கு இத்தனை என்று நோட்டில் இருந்ததாம். அதை இரண்டு வேளையாகப் பிரித்துத்தான் எழுதினார். அதெல்லாம் சரியாகவே இருந்தது. காய்ச்சல் சிரப்புக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“ஆயா, அஞ்சு மில்லில எத்தனை எம்.ஜி.ன்னு அவுரைக் கேட்டுட்டு வாங்க.”

நான் போய்க் கேட்டேன். கடைக்காரர் பாட்டிலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“லேபிள்லயே இருக்குதுன்னு சொல்லுங்க. கண்ணு இருந்தா வந்து பார்த்துக்கச் சொல்லுங்க.”

கண் இருக்கிறதா என்று கேட்டதை மட்டும் நன்றாக ராகம் போட்டுக் கொண்டு வந்து சேர்த்தேன். நர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அவுரு ஊட்டு வாசப்படிய நான் மிதிக்கோணுமாக்கும்? எனக்குத் தெரியாததா? அஞ்சு மில்லிக்கு நூத்தி இருபது.”

நர்ஸ் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அந்த நூற்றிருபது சிரப்தான். எங்கள் கடையில் இருந்ததோ அதே நிறம், அதே சைஸ், இருநூற்றைம்பது. இது அன்று எனக்கும் தெரியாது. சார்ட்டைப் பிளாஸ்டிக் உறை போட்டு மறுநாள் காலை மாட்டியாகிவிட்டது.

காய்ச்சலோடு முதலில் வந்தது பத்துக் கிலோப் பெண்பிள்ளை. உள்ளே இன்னொரு பிள்ளைக்கு வலிப்பு. டாக்டரம்மா அங்கே இருந்தார். “காய்ச்சலுக்குச் சார்ட்படி குடுத்துரு” என்று நர்ஸுக்குச் சொன்னார். நர்ஸ் அங்கேயே ஒரு வேளை புகட்டி, சீட்டில் ஆறு மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதித் தாயிடம் கொடுத்தார். நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு காய்ச்சலோடு வந்த பிள்ளை பன்னிரண்டு கிலோ. மடியில் நான்தான் பிடித்திருந்தேன். நர்ஸ் மருந்து அளக்கும் சிரிஞ்சில் ஏழரைக்கு இழுத்தார். பன்னிரண்டு கிலோவுக்கு மூன்றரைக் கோட்டுக்கு மேல் போய் நான் பார்த்ததே இல்லை.

“நில்லுங்க சிஸ்டர். ஏழரை எங்கிருந்து வந்துச்சு?”

“சார்ட்ல இருக்குது. உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“படிக்கத் தெரியாது. கோடு எண்ணத் தெரியும். மூணரைதான்.”

“அப்ப நீங்களே டாக்டராயிருங்க. கையை எடுங்க, ஆயா!”

நான் பிள்ளையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பிள்ளை கடித்தது. தாய் என்னைத் திட்டினாள், நர்ஸ் என்னைத் திட்டினார். சத்தத்துக்குக் கடைக்காரரும் வந்தார், டாக்டரம்மாவும் வந்தார். டாக்டரம்மா பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்தார், சார்ட்டைப் பார்த்தார், பிறகு சுவரிலிருந்து பிய்த்தார்.

“ரெண்டு மடங்கு போயிருக்குது. இதுக்கு முன்னால யாருக்குக் குடுத்தே?”

பத்துக் கிலோப் பிள்ளை போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

“ஒரு வேளைல ஒண்ணும் ஆகாது,” என்றார் டாக்டரம்மா. “நாலு வேளை, மூணு நாள்னு போச்சுன்னா ஈரல் கெட்டுரும். சாயங்கால வேளை குடுக்கக் கூடாது. வாந்தி எடுத்தா உடனே தூக்கிட்டு வரச் சொல்லு.”

பதிவு நோட்டில் இருந்த நம்பருக்கு அடித்தால் மணி போனது, தாய் எடுக்கவில்லை. தறி ஓட்டுகிறவள், அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கும்? வீடு எனக்குத் தெரியும் என்பதால் நர்ஸின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன்.

“கண்ணு இருக்குதான்னு கேட்டதை மட்டும் வந்து சொன்னீங்களே, லேபிள்ல இருக்குதுன்னு சொன்னீங்களா?” வழியெல்லாம் நர்ஸ் கத்தினார்.

“சொன்னேனே! நீங்க பாதியிலேயே எரிஞ்சு உழுந்தீங்க.”

“இறக்கி உட்டுருவேன்.”

“உடுங்க. ஊடு தேடி நீங்களே போங்க.”

இறக்கிவிடவில்லை.

வீட்டை ஒட்டிய தறிப் பட்டறைக்குள் போய்க் கையைக் காட்டித்தான் அவளை வெளியே கூட்டிவந்தோம். பிள்ளை வேர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் சூடு தணிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவள் எங்கள் இருவரையும் பேசிய பேச்சை என் பேத்தி எழுத மாட்டேன் என்கிறாள்.

கடைசியில் நர்ஸ் ஆறை அடித்து மூன்று என்று எழுதப் போனார். அவள் சீட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

“காத்தால ஆறுன்னே. இப்ப மூணுங்கறே. நாளைக்கு ஒம்பதும்பே. கணக்கச் சொல்லு.”

நர்ஸ் சொன்னார்: ஒரு கிலோவுக்குப் பத்திலிருந்து பதினைந்து எம்.ஜி. பத்துக் கிலோவுக்கு நூறிலிருந்து நூற்றைம்பது. அவள் போனில் கணக்குத் தட்டிப் பார்த்தாள்.

“பாட்டில்ல ஒரு மில்லிக்கு அம்பது. அப்ப ரெண்டுலிருந்து மூணு மில்லி. மூணுக்கு மேல போகக் கூடாது,” என்று நர்ஸ் முடித்தார்.

“அதையும் நீதான் சொல்றே. மருந்து வித்தவனைச் சொல்லச் சொல்லு.”

நர்ஸ் போனை என்னிடம் நீட்டினார். “ஆயா, கேளுங்க.”

“அந்தம்மா எதுக்கு? எம்புள்ளைக்கு ஊத்துனது நீதானே? நீ கேளு,” என்றாள் அவள்.

நர்ஸ் அவளும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டுக் கடைக்காரருக்கு அடித்தார். கும்பிடு இல்லை, பேர் இல்லை.

“காய்ச்சல் சிரப்பு லேபிளைப் படிங்க.”

“அஞ்சு மில்லிக்கு இருநூத்தம்பது.”

“பத்துக் கிலோவுக்கு?”

“மூணு தாண்டக் கூடாது. இதை நேத்தே வந்து கேட்டிருக்கலாம்.”

“நேத்தே சொல்லியிருக்கலாம்.”

யார் முதலில் வைத்தார் என்று தெரியவில்லை.

அவள் தன் கையாலேயே சீட்டில் மூன்று என்று எழுதினாள். இன்றைக்குச் சாயங்காலம் வேண்டாம் என்பதையும் எழுதிக்கொண்டாள். மூடியில் மூன்று மில்லிக் கோடு இல்லை என்று பார்த்துவிட்டு, நர்ஸிடமிருந்து சிரிஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் மூன்றாம் கோட்டின் மேல் நகப்பூச்சு தீட்டி, காயும்வரை ஊதினாள்.

“போங்க, போங்க. தறி நிக்குது.”